'இல்லை' என்று சொன்ன சரக்குக்கும் கணக்கு உண்டு

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் மளிகைக் கடை. பின்கட்டில் ஒரு பலகை உண்டு. விற்காமல் போனதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அது நிரம்பி வழிகிற வாரத்திலேயே முன்ராக்கில் நல்லெண்ணெய் தீர்ந்திருக்கும். இது ஏதோ நேரம் சரியில்லாததால் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில்தான் தப்பு இருந்தது.

அரை லிட்டர் நல்லெண்ணெய் பாக்கெட் 30 நாளில் 120 விற்றது. நாளைக்கு 4 என்று வைத்து ஆர்டர் கொடுத்தேன். ஆனால் அந்த மாதத்தில் 6 நாள் ராக் காலி. உண்மையில் 24 நாளில்தான் 120 போயிருக்கிறது, அதாவது நாளைக்கு 5. சரக்கு இல்லாத நாளையும் விற்பனை நாளாக எண்ணி வகுத்ததால் சராசரி குறைந்தது. சராசரி குறைந்ததால் ஆர்டர் குறைந்தது. ஆர்டர் குறைந்ததால் மறுபடி காலி. பில் மெஷினோ கணினியோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். விற்றதுதான் அதில் ஏறும், கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது ஏறாது.

அதற்காகக் கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கவிட்டேன். யாராவது கேட்டு நாங்கள் 'இல்லக்கா' என்று சொன்னால் தேதி போட்டு, பொருள் பேர் எழுதி, ஒரு கோடு. பையன் முதலில் முணுமுணுத்தான். ஒரு மாதத்தில் எண்ணெய்க்கு நேராக 19 கோடு விழுந்திருந்தது.

அடுத்த தப்பு, லைன் சேல்ஸ்மேன் வந்து நிற்கும்போது ராக்கைப் பார்த்துக் கண்ணளவில் சொல்வது. எங்களுக்கு அவர் செவ்வாய்க்கிழமை வருவார், வண்டி வியாழன் வரும். இன்று சொல்கிற ஆர்டர் அடுத்த செவ்வாய் வரைக்கும் அல்ல, அதற்கடுத்த வியாழன் வரைக்கும் தாங்க வேண்டும். ஆக 9 நாள். நாளைக்கு 5 என்றால் 45. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வாங்குவார்கள், வண்டி ஒரு நாள் தள்ளியும் போகும். அதற்கு ஒரு 10 சேர்த்தால் 55. செவ்வாயன்று கையில் 18 இருந்தால் 37 வேண்டும். 20 பாக்கெட் பெட்டி என்றால் இரண்டு பெட்டி. பழைய நாலு கணக்கில் 9 நாளுக்கு 36, கையில் இருக்கும் 18 போக 18 போதும் என்று ஒரே பெட்டியோடு நிறுத்தியிருப்பேன். அடுத்த வண்டி வருமுன்பே ராக் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். எல்லாப் பொருளுக்கும் இப்படிப் போட வேண்டியதில்லை. தினமும் போகிற முப்பது நாற்பது பொருளுக்குப் போட்டால் போதும்.

பின்கட்டுப் பலகையை நிரப்பியது ஸ்கீம். ஒரு புதுவகை நூடுல்ஸ், '48 எடுத்தா 4 ஃப்ரீ அண்ணா' என்றார்கள். பாக்கெட் 40 ரூபாய், 1,920 கொடுத்தேன். மாதம் 3 போயிற்று, காலாவதிக்கு 9 மாதம். 27 விற்று, 45 ரூபாய் வீதம் 1,215 வந்தது. மீதி 25 வீண். இலவசம் வாங்கப் போய் 705 ரூபாய் கைநஷ்டம். இப்போது ஸ்கீம் என்றால் ஒரே ஒரு வகுத்தல்: மொத்த எண்ணிக்கையை மாத விற்பனையால் வகுக்கிறேன். வருகிற விடை காலாவதி மாதத்தில் பாதிக்கு மேல் போனால் எடுப்பதில்லை. புதுப் பொருளுக்கு மாத விற்பனையே தெரியாது. அதனால் முதல் தடவை ஒரு டஜனுக்கு மேல் இல்லை, ஃப்ரீ போனால் போகட்டும். திரும்ப எடுப்பார்களா, காலாவதிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டு பில்லின் பின்னால் எழுதிக்கொள்ள வேண்டும். தேதி தாண்டியபின் கேட்டால் யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு வராத ஒரு தப்பும் எங்களுக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். மார்ச் விற்பனையை வைத்து ஏப்ரல் நடுவில் பிஸ்கட்டும் குளிர்பானமும் இறக்கினால் பாதி தேங்கும், போனதும் கடன் நோட்டில்தான் போகும். அரிசி, பருப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ரஸ்க் ஒரே சாயங்காலத்தில் காலியாகும், சாலையில் தண்ணீர் நின்றால் வியாழன் வண்டியும் வராது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் இந்தப் பொருள்களுக்கு 9 நாள் என்பதை 14 ஆக்கிவிடுகிறேன். கார்த்திகை முடிந்தால் மறுபடி 9. ஒரு வருஷம் அதை மாற்ற மறந்து, வாங்கிய மெழுகுவர்த்தியைச் சித்திரை வெயிலில் வளைந்துபோய்ப் பின்கட்டில் எடுத்தோம்.