To கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த கிளார்க் பையன், 400 அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் மெயில் அனுப்பினான். முதல் மூன்று எழுத்து அடித்ததும் ஜிமெயில் ஒரு முகவரியைக் காட்ட, அப்படியே என்டர் தட்டிவிட்டான். போனது வழக்கமான சப்ளையருக்கு இல்லை. போன மாதம் கொட்டேஷன் மட்டும் வாங்கிய வேறொருவருக்கு. அதுவும் நிஜ முகவரிதானே, மெயில் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் குடோனில் பெட்டி தீர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"சார், பேரு ஒரே மாதிரி இருந்துச்சு," என்றான். பெட்டியை விடுங்கள், எங்கள் ரேட் சப்ளையரின் போட்டிக்காரர் கைக்குப் போனதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது அவன் பழைய ஆர்டர் மெயிலைத் திறந்து Forward கொடுத்து, அளவு, ரேட், தேதி எல்லாம் மாற்றிய பிறகுதான் முகவரி போடுகிறான். அதையும் பெயரைப் பார்த்து விடுவதில்லை. @-க்குப் பின்னால் இருப்பதை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடுகிறான். ஜிமெயில் செட்டிங்ஸில் Undo Send நேரத்தை 5 விநாடியிலிருந்து 30 ஆக்கிக் கொடுத்தேன். தேவையில்லாத பழைய முகவரியை Contacts-இல் Other contacts பகுதியில் தேடி அழித்தும் விட்டோம்.