ஷிப்ட் நேரம் மாறுகிறதா? நோட்டீஸில் இதைக் கவனியுங்கள்

மில்லில் 6–2, 2–10, 10–6 ஷிப்டை ஜூன் 1 முதல் 7–3, 3–11, 11–7 ஆக்குகிறோம் என்று வையுங்கள். 'நிர்வாகக் காரணம்' என்று எழுதாதீர்கள். அதிகாலைப் பேருந்து நின்றுபோனதுதான் காரணம் என்றால் அதையே சொல்லுங்கள்.

குழப்பம் தேதியில்தான் வரும். மே 31 இரவு 10 மணிக்கு வந்தவர் காலை 6-க்கு முடிப்பார். புது ஷிப்ட் 7-க்குத்தான். இடையில் அந்த ஒரு மணி நேரம் இயந்திரத்தை யார் பார்ப்பது, அதற்குச் சம்பளம் எப்படி என்பதை எழுதிவிடுங்கள்.

இரவு 11-க்குத் திரும்ப வண்டி இல்லாதவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் போன்றோருக்கான விலக்கைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அப்புறம், ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் யாரிடம் கொடுப்பது, பதில் எப்போது வரும் என்பதும் வேண்டும். மில்லின் வேலை விதிகளான நிலையாணையில் இல்லாத ஷிப்ட் மாற்றத்துக்கு இந்தியச் சட்டம் 21 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது.