சப்ளையர் மதிப்பீட்டில் நிறையிட்ட சராசரி: பாட்டில் மூடிகளை வைத்து ஒரு கணக்கு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டில் நிரப்பும் சிறிய ஆலை ஒன்றில் கொள்முதல் பிரிவுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் மூடிகளை இரண்டு பேர் தருகிறார்கள். ஒருவர் கடலூர்க்காரர், மற்றவர் வில்லியனூர்க்காரர். காலாண்டு முடிந்ததும் இருவரின் தரத்தையும் ஒப்பிட்டு அறிக்கை தரும்படி மேலாளர் கேட்கிறார். நான் முதன்முதலில் இத்தகைய அறிக்கையைத் தயாரித்தபோது எக்செலில் AVERAGE போட்டு முடித்துவிட்டேன். அந்தத் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கீழே உள்ள எண்களில் பார்க்கலாம். கணக்கு எளிதாக விளங்குவதற்காக நானே அமைத்த எண்கள் இவை.

முதல் படி: லாட் வாரியாகப் பதிவு செய்தல்

ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். B பத்தியில் வந்த எண்ணிக்கையையும் C பத்தியில் ரிஜெக்ட் ஆன எண்ணிக்கையையும் எழுதுங்கள். D பத்தியில் தேர்ச்சி விகிதம் வரட்டும். அதைக் கையால் தட்டச்சு செய்யாமல், சூத்திரத்தாலேயே வரவழையுங்கள்.

```
=(B2-C2)/B2
```

கடலூர்க்காரர்:

| லாட் | வந்தது | ரிஜெக்ட் | தேர்ச்சி |
|---|---|---|---|
| 1 | 20,000 | 200 | 99% |
| 2 | 1,000 | 100 | 90% |
| 3 | 1,000 | 80 | 92% |
| 4 | 18,000 | 180 | 99% |

வில்லியனூர்க்காரர்:

| லாட் | வந்தது | ரிஜெக்ட் | தேர்ச்சி |
|---|---|---|---|
| 1 | 1,000 | 0 | 100% |
| 2 | 1,000 | 10 | 99% |
| 3 | 2,000 | 20 | 99% |
| 4 | 36,000 | 2,160 | 94% |

இரண்டாம் படி: இரண்டு சராசரிகளையும் போட்டுப் பார்த்தல்

சாதாரண சராசரியில் நான்கு விகிதங்களையும் கூட்டி நான்கால் வகுக்கிறோம். கடலூர்க்காரருக்கு 95 விழுக்காடும் வில்லியனூர்க்காரருக்கு 98 விழுக்காடும் வருகின்றன. இதை மட்டும் பார்ப்பவர் அடுத்த ஆர்டரை வில்லியனூருக்கே கொடுப்பார்.

இப்போது விகிதங்களை மறந்துவிட்டு மூடிகளை எண்ணுவோம். இருவரும் தலா 40,000 மூடிகள் தந்திருக்கிறார்கள். அவற்றில் கடலூர்க்காரரின் மூடிகளில் 560 ரிஜெக்ட் ஆகியிருக்கின்றன. வில்லியனூர்க்காரரின் மூடிகளில் 2,190 ரிஜெக்ட் ஆகியிருக்கின்றன. ஏறத்தாழ நான்கு மடங்கு மோசமான சரக்கைத் தந்தவருக்குத்தான் சாதாரண சராசரி முதலிடம் கொடுத்திருக்கிறது. ஆயிரம் மூடி வந்த லாட்டுக்கும் முப்பத்தாறாயிரம் மூடி வந்த லாட்டுக்கும் அது சமமான ஓட்டு கொடுத்ததே இதற்குக் காரணம்.

நிறையிட்ட சராசரியில் ஒவ்வொரு விகிதத்தையும் அந்த லாட்டின் எண்ணிக்கையால் பெருக்கி, பெருக்கல்களைக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)/SUM(B2:B5)
```

கடலூர்க்காரருக்கு 98.6 விழுக்காடும் வில்லியனூர்க்காரருக்கு ஏறத்தாழ 94.5 விழுக்காடும் வரும்.

சிறிய லாட்டுகளின் விகிதம் ஏன் இப்படித் தாவுகிறது என்று கேட்கலாம். நிறம் மாற்றி மோல்டிங் எந்திரத்தை ஓட்டும்போது முதலில் விழும் மூடிகளில் பழைய நிறத்தின் கோடுகள் இருக்கும். அப்படி வீணாகும் எண்ணிக்கை பெரிய லாட்டில் கரைந்துவிடும். ஆயிரம் மூடிகளுக்குள் அதுவே பத்து விழுக்காடு ஆகிவிடக்கூடும். மறுபுறம், ஆயிரம் மூடிகளைக் கையால் பொறுக்கி அனுப்புவதும் எளிது. சாதாரண சராசரியைத்தான் நாம் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்ட சப்ளையர், பொறுக்கிய சிறு லாட்டுகளைப் பலமுறை அனுப்பியே மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: விடையைச் சரிபார்த்தல்

கீழே உள்ள சூத்திரமும் அதே விடையைத் தர வேண்டும்.

```
=(SUM(B2:B5)-SUM(C2:C5))/SUM(B2:B5)
```

இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் D பத்தியில் யாரோ எண்ணையோ சொல்லையோ கையால் எழுதியிருப்பார்கள். சோதனை முடியாத லாட்டுக்கு D பத்தியில் ‘நிலுவை’ என்று எழுதினால், SUMPRODUCT அந்தச் சொல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த லாட்டின் எண்ணிக்கை வகுக்கும் தொகையில் இருக்கும். அதனால் சப்ளையரின் மதிப்பெண் காரணமின்றிச் சரியும். இதற்கு நேர்மாறான பிழையை இந்தச் சரிபார்ப்பும் காட்டாது: சோதிக்காத லாட்டின் C பத்தியை வெறுமனே விட்டால் அது நூறு விழுக்காடு தேர்ச்சியாகிவிடும். சோதனை முடியாத லாட்டுகளைத் தனித் தாளில் வைத்துவிடுவதே நல்லது.

மூன்று மாதச் சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுத்துக் காலாண்டுச் சராசரி என்று எழுதினாலும் பழைய தவறுதான் திரும்பி வரும். காலாண்டுக் கணக்கை லாட் வரிசைகளிலிருந்தே தொடங்குங்கள். மூடியையும் லேபிளையும் ஒரே கணக்கில் சேர்க்க நேர்ந்தால் எண்ணிக்கைக்குப் பதிலாக ரூபாய் மதிப்பை நிறையாக வையுங்கள்.

ஆனால் டெலிவரிக்கு எண்ணிக்கையை நிறையாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயிரம் மூடிகள் தாமதமானாலும் நிரப்பும் லைன் நிற்கத்தான் செய்யும். அங்கே ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் சம ஓட்டு தருவதே பொருத்தமானது.

நான்காம் படி: தரம், டெலிவரி, விலை ஆகியவற்றைச் சேர்த்தல்

தரத்துக்கு 50, டெலிவரிக்கு 30, விலைக்கு 20 என்று நிறை வைப்போம். டெலிவரியில் கடலூர்க்காரருக்கு 75, வில்லியனூர்க்காரருக்கு 90 என்று கொள்வோம். விலைக்கு, இருவரில் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். மூடி ஒன்றுக்கு ரூ.1.25 கேட்கும் கடலூர்க்காரருக்கு 96 வருகிறது, ரூ.1.20 கேட்கும் வில்லியனூர்க்காரருக்கு 100 வருகிறது.

கடலூர்க்காரரின் மொத்தம் 49.3 + 22.5 + 19.2 = 91. வில்லியனூர்க்காரரின் மொத்தம் 47.3 + 27 + 20 = 94.3. தரத்துக்குப் பாதி நிறை கொடுத்தும், மோசமான சரக்கு மறுபடியும் மேலே வந்துவிட்டது!

இங்கே கோளாறு நிறையில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. தேர்ச்சி விகிதம் நடைமுறையில் தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவிலேயே அடங்கிவிடுகிறது. டெலிவரி மதிப்பெண்ணோ அதைவிட அகலமாக ஏறி இறங்குகிறது. ஆகவே 50 என்று எழுதிவைத்த நிறை தன் முழு வலுவைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு விழுக்காடு ரிஜெக்‌ஷனுக்கும் நூறிலிருந்து பத்து மதிப்பெண் கழிப்பது என்று மாற்றிப் பாருங்கள். 1.4 விழுக்காடு ரிஜெக்‌ஷனுக்குக் கடலூர்க்காரரின் தரம் 86 ஆகிறது, 5.475 விழுக்காட்டுக்கு வில்லியனூர்க்காரரின் தரம் ஏறத்தாழ 45 ஆகிறது. மொத்தம் முறையே 84.7, 69.6 என்று வருகிறது.

பத்து மதிப்பெண் என்பது நானாக வைத்த அளவு. உங்கள் ஆலையில் ஒரு விழுக்காடு ரிஜெக்‌ஷன் எவ்வளவு நட்டம் தருகிறது என்பதை உற்பத்திப் பிரிவிடம் கேட்டு அதை மாற்றிக்கொள்ளலாம். எந்த அளவை வைத்தாலும், காலாண்டு தொடங்குவதற்கு முன்பே அதை எழுதி இரு சப்ளையர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். எண்கள் வந்த பிறகு நிறையை மாற்றினால், யாரை முன்னால் வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கணக்குப் போட்டீர்கள் என்று அவர்கள் சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்காது.