அளந்து பார்த்து எழுதுங்கள்: ஆன்லைன் விற்பனைக்கு டைட்டில், விவரம், கூலி

சென்னிமலை, கரூர் பக்கம் பெட்ஷீட் போடுகிறவர்களில் பலர் இப்போது அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ என்று நேரடியாகவே விற்கிறார்கள். சரக்கு அவர்களுக்கு அத்துப்படி. அதைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி எழுதித்தரத்தான் ஆள் தேடுகிறார்கள். வீட்டிலிருந்தபடி இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக, ஒரே ஒரு டபுள் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கூலி பேசுவது வரை எழுதுகிறேன்.

முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் விவரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
BEST QUALITY KING SIZE PURE COTTON HANDLOOM BEDSHEET 180 GSM
```

'பெஸ்ட் குவாலிட்டி' யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதை விட்டுவிடுங்கள். மீதி இருப்பவை நான்கு: கிங் சைஸ், சுத்தக் காட்டன், கைத்தறி, 180 ஜிஎஸ்எம். வாங்குகிறவர் இந்த நான்கையும் நம்பித்தான் காசு கொடுப்பார். அதனால் எழுத உட்காரும் முன் நான்கையும் நாமே சரிபார்த்துவிட வேண்டும்.

படி 1: சாம்பிள் வாங்கி அளந்து பாருங்கள்

போட்டோவை மட்டும் வைத்து எழுத ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பீஸ் அனுப்பச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்க வேண்டியது இன்ச் டேப்பும், சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசும்.

பெட்ஷீட்டைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து அளக்கிறோம். அகலம் 90 இன்ச், நீளம் 100 இன்ச். இது கிங் சைஸா? கிங் மெத்தை என்று பரவலாக விற்பது 72-க்கு 78 இன்ச். 90-இல் 72 போனால் 18 மிச்சம், பக்கத்துக்கு 9 இன்ச். மெத்தையின் கனம் 6 இன்ச் என்றால் அடியில் மடித்துச் செருக 3 இன்ச்தான் கிடைக்கும். காட்டன் துணி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். இதே பீஸைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால் 100 இன்ச் 96 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். அகலமும் அதே அளவுக்குச் சுருங்கினால் 86 இன்ச் சொச்சம்தான். இப்போது செருக மிஞ்சுவது ஓர் இன்ச் சொச்சம். ராத்திரி ஒருவர் புரண்டு படுத்தாலே வெளியே வந்துவிடும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார், அல்லது ஒரு ஸ்டார் போட்டுவிட்டு 'அளவு பொய்' என்று எழுதுவார்.

அதே பெட்ஷீட்டை 60-க்கு 78 இன்ச் குயின் மெத்தையில் விரித்துப் பாருங்கள். பக்கத்துக்கு 15 இன்ச் மிச்சம். மெத்தையின் கனம் போக 9 இன்ச், சலவைக்குப் பிறகும் 7 இன்ச் இருக்கும். கச்சிதமாக நிற்கும். சரக்கில் குறையே இல்லை, போட்ட பெயர்தான் தப்பு.

முதலாளி, "ஏனுங்க, கிங் சைஸுன்னு போட்டாத்தானுங்க ஓடும்" என்பார். அவரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். திரும்பி வரும் பீஸுக்குக் கூரியர் செலவும், அழுக்கானதால் மறுபடி விற்க முடியாமல் போகும் நஷ்டமும் அவர் தலையில்தான் விழும். நெசவுக் கணக்கிலேயே வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

அடுத்தது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். தலையணை உறைகளை எடுத்துவிட்டு பெட்ஷீட்டை மட்டும், துவைப்பதற்கு முன்பே, தராசில் வையுங்கள். சேர்த்து வைத்தால் எண் கூடிவிடும். நம்முடையது 760 கிராம்.

```
2.286 m x 2.54 m = 5.81 sq m
760 / 5.81 = 131 GSM
```

180 ஜிஎஸ்எம் உண்மையாக இருந்தால் இந்த பெட்ஷீட் ஒரு கிலோவுக்கு மேல் நின்றிருக்கும். ஆக, 130 என்றுதான் எழுத முடியும். கோயம்புத்தூர் வெயிலுக்கு 130 நல்ல துணி, அதைக் குறையாக நினைத்து மறைக்க வேண்டியதில்லை.

காட்டனா என்று பார்க்க, ஓரத்தில் இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று. இரண்டும் ஒரே நூலாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, விரலில் நெருடும் கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூல் என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அப்போது எத்தனை சதவீதம் என்று நூல் வாங்கிய பில்லைப் பார்த்து எழுதுங்கள், குத்துமதிப்பாக எழுதாதீர்கள்.

கைத்தறி விஷயத்தில் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: "எந்தத் தறியிலங்க ஓட்டறீங்க?" சென்னிமலைப் பக்கம் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. நம்முடையது விசைத்தறி என்று வையுங்கள். விசைத்தறித் துணிக்கு `handloom` என்று போடுவது வாங்குகிறவரை ஏமாற்றுவது, தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவரின் சோற்றிலும் கை வைப்பது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கைத்தறிதான் என்றால் கைத்தறி முத்திரை லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் போட்டோ எடுத்துப் போடலாம். பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பெயர்களும் இப்படித்தான். பேர் தெரிந்த சரக்கு என்பதற்காக வேறு ஊர்ச் சரக்குக்கு அதை ஒட்டக்கூடாது.

இன்னொன்று, நம் பக்கம் 'முப்பதாம் நம்பர் நூல்' என்று சொல்வது நூலின் சன்னத்தை. பெட்டியின் மேல் போடும் `thread count` என்பது ஒரு சதுர இன்ச்சில் பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழை என்பது. முதலாளி 'கவுண்ட் முப்பது' என்றால் அதைக் கொண்டுபோய் அங்கே எழுதிவிடாதீர்கள். முப்பது இழை என்றால் அது கொசுவலைதான்.

படி 2: தேடும் வார்த்தைகளைப் பொறுக்குங்கள்

காசு கொடுத்து டூல் எதுவும் வாங்க வேண்டாம். எந்தத் தளத்தில் விற்கப்போகிறாரோ அதன் தேடல் பெட்டியில் `cotton bedsheet` என்று தட்டுங்கள், என்டர் அடிக்காதீர்கள். கீழே வரிசையாக வருபவை மற்றவர்கள் தேடுகிற சொற்கள். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நம் சரக்குக்குப் பொருந்தாததை எல்லாம் அடியுங்கள். `king size`, `handloom`, `elastic fitted` மூன்றும் போகும். எத்தனை பேர் தேடினாலும் சரி, நம் சரக்கில் இல்லாத சொல் நமக்கு வேண்டாம்.

அப்புறம், வாங்குகிறவர் பாதிப் பேர் வடக்கே இருப்பார்கள். அவர்கள் `chadar` என்று தட்டுவார்கள். சிலர் `bed sheet` என்று பிரித்து எழுதுவார்கள், சிலர் `bedspread` என்பார்கள். இவற்றையெல்லாம் டைட்டிலில் திணிக்க வேண்டாம். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடலுக்கு மட்டும் உதவும் சொற்களுக்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே போடுங்கள். டைட்டிலில் ஏற்கெனவே இருக்கும் சொல்லையோ அடுத்தவர் பிராண்டின் பெயரையோ அங்கே போடக்கூடாது.

படி 3: டைட்டில்

போனில் தேடும்போது டைட்டிலின் முன்பகுதிதான் கண்ணில் படும், மீதி வெட்டுப்படும். அதனால் என்ன பொருள், எத்தனை பீஸ், என்ன அளவு, இந்த மூன்றும் முதலில் வர வேண்டும். டிசைனும் நிறமும் கடைசியில்.

```
BRAND Cotton Double Bedsheet with 2 Pillow Covers,
90 x 100 Inch, Queen Bed, 130 GSM, Checked, Maroon
```

டைட்டிலில் ஒரு சொல்லை ஒரு தடவைக்கு மேல் எழுதாதீர்கள். முழுவதும் பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, 'ஆஃபர்' எதுவும் வேண்டாம். இவற்றுக்காகவே லிஸ்டிங்கை, அதாவது அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தை, நிறுத்திவைக்கும் தளங்கள் உண்டு.

படி 4: விவரம்

எழுதுவதற்கு முன், இதே மாதிரி பெட்ஷீட்டுகளுக்கு வந்திருக்கும் இரண்டு, மூன்று ஸ்டார் ரிவ்யூக்களை மட்டும் படியுங்கள். 'சாயம் போகிறது', 'போட்டோவில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்', 'துணி லேசு', 'அளவு பத்தவில்லை' என்று திரும்பத் திரும்ப நாலு புகார்தான் வரும். உங்கள் வரிகள் அந்த நாலுக்கும் பதிலாக இருக்கட்டும்.

```
SIZE: 90 x 100 inch / 229 x 254 cm. Fits a 60 x 78 inch
mattress up to 6 inch thick. Not for king size beds.

CARE: Wash separately in cold water for the first two
washes. About 4% shrinkage is normal in cotton.
```

'கிங் கட்டிலுக்கு ஆகாது' என்று நாமே எழுதுவதா என்று முதலாளி தயங்குவார். அந்த வரியைப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர், எப்படியும் திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர். சாயம் போகாது என்று எழுத வேண்டுமா? வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மெரூன் கட்டத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை லேசாகச் சிவந்தாலும் அந்த வரியை எழுதாதீர்கள், தனியாகத் துவைக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எம்ஆர்பி, எத்தனை பீஸ், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பவற்றைச் சட்டப்படி காட்டியாக வேண்டும். அவற்றை முதலாளியிடம் எழுத்தாகவே வாங்கி நிரப்புங்கள்.

படி 5: கூலி

வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். இந்த வேலையில் பதினைந்து வார்த்தை டைட்டிலுக்குத்தான் அதிக நேரம் போகும். ஒரு லிஸ்டிங்குக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அந்தத் தொகை உங்கள் நேரத்திலிருந்து வரட்டும்.

மணிக்கு 200 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அளந்து, எடை போட்டுப் பார்க்க 25 நிமிடம், தேடும் சொற்களுக்கு 20, டைட்டிலும் விவரமும் எழுத 35, ஒரு தடவை திருத்த 10. மொத்தம் 90 நிமிடம், அதற்கு 300 ரூபாய். இதே பெட்ஷீட் இன்னும் ஐந்து நிறத்தில் வந்தால் அவற்றுக்கும் 300 கேட்பது நியாயமில்லை. மாறுவது நிறத்தின் பெயரும் ஒன்றிரண்டு வரியும்தான், 12 நிமிட வேலை, தலைக்கு 40 ரூபாய். ஆறு நிறமும் சேர்த்து 500 ரூபாய். ஆனால் 'இதுவும் அதே மாதிரிதானுங்க' என்று வேறு அளவோ வேறு நூலோ கொடுத்தால் அது புது லிஸ்டிங். மறுபடி டேப்பும் தராசும் எடுக்க வேண்டும், கூலியும் முழுசாகவே.

வேலை ஆரம்பிக்கும் முன் வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்: 300 ரூபாயில் என்னென்ன அடக்கம், திருத்தம் எத்தனை தடவை, பாதிப் பணம் முன்பணம், தளத்தில் ஏற்றித் தருவதற்குத் தனிக் கூலி, முதலாளி தப்பான விவரம் கொடுத்து மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் தனிக் கூலி. அளந்து பார்த்த எண்களையும் அதே மெசேஜில் போட்டு 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லிஸ்டிங் போட்டு ஒரு மாதம் ஆனதும், திரும்பி வந்த பீஸ்களுக்குத் தளம் காட்டும் காரணங்களை முதலாளியிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'நிறம் வேறு' என்று வந்தால் போட்டோவை மாற்ற வேண்டும், அது உங்கள் வேலை இல்லை. 'அளவு சின்னது' என்று வந்தால் அளவு வரியைக் கொண்டுபோய் முதலில் வையுங்கள்.