ஆர்.டி. தவணை தவறினால் முதிர்வுத் தொகை குறையுமா?

அஞ்சலக ஆர்.டி.யில் ஒரு தவணை விட்டுப்போனால், அபராதத்தைக் கடைசியில் முதிர்வுத் தொகையில் கழித்துக்கொள்வார்கள் என்று பலர் நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அபராதத்தை விட்டுப்போன தவணையோடு சேர்த்து அப்போதே கட்ட வேண்டும். கட்டிவிட்டால் முதிர்வுத் தொகையில் ஒரு ரூபாயும் குறையாது.

2024 ஜூன் 10ஆம் தேதி, மாதம் 2,000 ரூபாய்க்குத் தொடங்கிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டி 6.7 சதவீதம். 60 தவணையும் ஒழுங்காகக் கட்டினால் போட்ட 1,20,000 ரூபாய், சுமார் 1,42,730 ரூபாயாகத் திரும்ப வரும். 2025 மார்ச் தவணை தவறிவிட்டது என்று வையுங்கள். ஏப்ரலில் போகும்போது மார்ச்சுக்கு 2,000, அதற்கு அபராதம் 20 (நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்), ஏப்ரலுக்கு 2,000, ஆக 4,020 ரூபாய் கட்ட வேண்டும். பழைய பாக்கியைத் தீர்க்காமல் நடப்பு மாதத்துக்கு மட்டும் கட்ட முடியாது. 2,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே சுமார் 11 ரூபாய்தான். அபராதம் அதைவிட அதிகம். அதனால் தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை.

இனி பாஸ்புக். மார்ச் வரை கட்டிய தொகை 18,000. ஏப்ரலில் 4,020 கொடுத்த பிறகு 22,020 இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், 22,000 என்று பார்த்ததும் 20 ரூபாய் விட்டுப்போய்விட்டது என்று கவுன்ட்டரில் கேட்கிறார்கள். விட்டுப்போகவில்லை. அபராதம் உங்கள் சேமிப்பு அல்ல, அது இருப்பில் ஏறாது. நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டு தவணையும் ஏறி இருப்பு சரியாக 4,000 கூடியிருக்கிறதா என்பதைத்தான். 2,000 மட்டும் கூடியிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

கெடு தேதியிலும் பலர் ஏமாறுகிறார்கள். 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிதான் கெடு. மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் இருப்பது 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கிய கணக்குகளுக்கு மட்டுமே. ஏஜென்ட் மூலம் கட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏஜென்ட் உங்கள் அட்டையில் கையெழுத்துப் போட்ட தேதி கணக்கில் வராது. பணம் அஞ்சலகத்தில் ஏறிய தேதியே கணக்கு. ஆகவே அட்டையோடு நிற்காமல் பாஸ்புக்கையும் அவ்வப்போது வாங்கிப் பாருங்கள்.

ஒரு தவணைக்கு 20 ரூபாயோடு போய்விடும். நான்கு தவணை தவறினால்தான் உண்மையான சிக்கல். நான்காவது தவறியதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியை அபராதத்தோடு கட்டிக் கணக்கை உயிர்ப்பிக்கலாம். அதையும் விட்டால் அந்தக் கணக்கில் மேற்கொண்டு பணம் போட முடியாது; 1,42,730 என்ற கணக்கை மறந்துவிட வேண்டியதுதான். தவறியவை நான்குக்கு மேல் போகவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: எத்தனை தவணை விட்டதோ அத்தனை மாதம் முதிர்வைத் தள்ளிவைத்து, அந்த மாதங்களில் கட்டலாம். ஆனால் 2029 ஜூனில் வரவேண்டிய பணத்தை நம்பிக் கல்யாணமோ காலேஜ் ஃபீஸோ குறித்துவைத்திருப்பவர், அதைத் தேர்ந்தெடுக்கும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.