கட்டண உயர்வை எதிர்த்துப் பாடசாலைக்கு எழுதும்போது பெற்றோர் விடும் தவறுகள்

மலையகத்து நகரங்களில் இயங்கும் சர்வதேசப் பாடசாலைகளில் கட்டண உயர்வு பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில், பாடசாலை மூடியிருக்கும்போது அறிவிக்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். டிசம்பர் 28ஆம் திகதி இரவு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வருகிறது. முதலாம் தவணையிலிருந்து கல்விக் கட்டணம் 15 சதவீதம் உயர்கிறது என்றும், ஜனவரி 5ஆம் திகதிக்கு முன் பணம் கட்டாத பிள்ளைகள் வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இதைப் படித்த தந்தை அன்றிரவே கோபத்தோடு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறார். தவறுகளும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

முதலாவதும் பெரியதுமான தவறு, கட்டணம் அதிகம் என்ற முறைப்பாட்டையும் முன்னறிவித்தல் தரப்படவில்லை என்ற முறைப்பாட்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதுவதாகும். பொருட்களின் விலையேற்றம், சம்பளம் உயராத நிலை, பிள்ளையின் எதிர்காலம் என்று இரண்டு பக்கம் எழுதிய கடிதத்திற்கு, "மின்சாரக் கட்டணமும் ஆசிரியர் சம்பளமும் உயர்ந்துள்ளன, வருந்துகிறோம்" என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். தொகை எவ்வளவு என்பது நிர்வாகம் தன் கணக்கைக் காட்டி எளிதில் நியாயப்படுத்தக்கூடிய விடயம். முன்னறிவித்தல் அப்படிப்பட்டதல்ல, எட்டு நாள் அவகாசம் போதுமானது என்று எழுத்தில் வாதிட எந்த முகாமைத்துவமும் விரும்பாது. ஆகவே கடிதத்தின் முழுப் பாரத்தையும் அந்த எட்டு நாள் மீதே வைக்க வேண்டும்.

அதை வலுவாகச் சொல்வதற்கான ஆதாரம் பெரும்பாலும் பெற்றோரின் அலுமாரியிலேயே இருக்கிறது. பிள்ளையைச் சேர்த்த நாளில் கையொப்பமிட்ட அனுமதிப் படிவத்தையோ உடன்படிக்கையையோ எடுத்துப் பார்க்காமல் எழுதுவதுதான் இரண்டாவது தவறு. அதில் இரண்டு வாசகங்களைத் தேட வேண்டும். ஒன்று, கட்டணத்தை மாற்றுவது பற்றியது. "கட்டணங்கள் முன்னறிவித்தலின்றி மாற்றப்படலாம்" என்று அங்கே எழுதியிருந்தால் பலர் மனமொடிந்து கடிதத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். பிள்ளையை விலக்கிக்கொள்ள விரும்பும் பெற்றோர் ஒரு முழுத் தவணைக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், தவறினால் சேரும்போது கட்டிய வைப்புப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற நிபந்தனையை இத்தகைய பல பாடசாலைகள் விதிக்கின்றன. அப்படி ஒரு நிபந்தனை இருக்குமானால் முறைப்பாட்டின் உயிர்நாடி அதுதான். பெற்றோர் விலக ஒரு தவணை அவகாசம் தர வேண்டும், பாடசாலையோ எட்டு நாளில் கட்டணத்தை உயர்த்தலாம் என்றால், புதிய கட்டணத்தைத் தாங்க முடியாதவர் வைப்புப் பணத்தை இழக்காமல் வெளியேற வழியே இல்லை. இந்த ஒரு வாதத்தைத் தெளிவாக எழுதினாலே போதும்.

அடுத்தது கணக்கில் விடும் தவறு. சுற்றறிக்கையில் உள்ள 15 சதவீதத்தை அப்படியே கடிதத்தில் எடுத்தெழுதக் கூடாது; முந்தைய தவணையின் பற்றுச்சீட்டையும் புதிய கட்டண விபரத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நமது எடுத்துக்காட்டில், முன்பு கல்விக் கட்டணம் 40,000 ரூபாய், வசதிக் கட்டணம் 5,000 ரூபாய், ஆகமொத்தம் ஒரு தவணைக்கு 45,000 ரூபாய். இப்போது கல்விக் கட்டணம் 46,000 ஆகியிருக்கிறது. அது சொன்னபடி 15 சதவீதம்தான். வசதிக் கட்டணம் மாறவில்லை. ஆனால் கீழே, சுற்றறிக்கையில் பேசப்படாத கணினிக்கூடக் கட்டணம் என்று 3,000 ரூபாய் புதிதாக வந்திருக்கிறது. மொத்தம் 54,000 ரூபாய். உயர்வு 9,000 ரூபாய், அதாவது 20 சதவீதம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மூன்று தவணைகளுக்கும் சேர்த்து வருடத்திற்கு 54,000 ரூபாய் மேலதிகச் செலவு. அறிவித்ததற்கும் அறவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இப்படி இலக்கத்தில் காட்டினால், பதில் எழுதுபவர் அதற்கும் விளக்கம் தந்தே ஆக வேண்டும்.

யாருக்கு எழுதுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பாசிரியரிடம் சண்டை பிடிப்பதால் பயனில்லை. அவருக்கும் அந்த அறிவித்தல் நமக்கு வந்தபோதே வந்திருக்கும். நேராக வலயக் கல்வி அலுவலகத்திற்குப் போவதும் இவ்விடயத்தில் வீண் அலைச்சல். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகள் தொடங்குவதைத் தடுத்திருப்பதால், சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகவே பதிவு செய்யப்படுகின்றன. அவற்றின் கட்டணத்தை நிர்ணயிப்பது கல்வி அமைச்சு அல்ல. எனவே கடிதம் அதிபருக்கும், அதன் பிரதியொன்று கம்பனியின் பணிப்பாளர் சபைக்கும் செல்ல வேண்டும். கம்பனியின் பெயர் பாடசாலையின் பெயரிலிருந்து வேறுபட்டிருக்கலாம்; பற்றுச்சீட்டின் அடியிலோ, பணம் வைப்பிடும் வங்கிக் கணக்கின் பெயரிலோ அதைக் காணலாம். கையில் கொடுத்தால் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்க வேண்டும். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வட்ஸ்அப் குழுவில் எழுதியதை யாரும் முறைப்பாடாக எடுத்துக்கொள்வதில்லை; அங்கே சூடாகப் பேசியவர்களில் பாதிப்பேர் மறுநாள் அமைதியாகப் பணம் கட்டியிருப்பார்கள் என்பதும் தெரிந்த கதைதான்.

பணத்தைப் பொறுத்தவரை இரு முனைகளிலும் தவறு நேர்கிறது. முழுக் கட்டணத்தையும் நிறுத்தி வைத்தால் பேச்சு கட்டண உயர்விலிருந்து நிலுவைக்குத் திரும்பிவிடும், பிள்ளையும் வாசலில் நிறுத்தப்படலாம். எதுவும் சொல்லாமல் புதிய தொகையைக் கட்டிவிட்டால் அது சம்மதம் என்று கொள்ளப்படும். பழைய கட்டணமான 45,000 ரூபாயை உரிய நாளில் கட்டி, மீதி 9,000 ரூபாய் குறித்து முறைப்பாடு நிலுவையில் இருப்பதாக எழுதுவது நடுவழி. அதை ஏற்க மறுத்தால், முழுத் தொகையையும் கட்டி, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, கோரிக்கையே இல்லாத கடிதங்கள். "தயவுசெய்து மீள்பரிசீலனை செய்யவும்" என்று முடித்தால், பரிசீலித்தோம் என்று பதில் வரும். கடிதத்தின் இறுதிப் பந்தி இப்படி இருக்கலாம்:

"டிசம்பர் 28ஆம் திகதி அறிவிக்கப்பட்ட உயர்வை இரண்டாம் தவணையிலிருந்து நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனின், இத்தவணையில் விலக விரும்பும் பெற்றோருக்கு ஒரு தவணை முன்னறிவித்தல் நிபந்தனையைத் தளர்த்தி வைப்புப் பணத்தை முழுமையாகத் திருப்பித் தருமாறும், தொடர்ந்து கற்பவர்களுக்கு மேலதிகத் தொகையை இரு பகுதிகளாகச் செலுத்த அனுமதிக்குமாறும் கோருகிறேன். 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்கவும்."

தோட்டங்களில் வேலை செய்யும் பெற்றோர் இதில் திகதியையும் சேர்க்கலாம். மாதச் சம்பளம் 10ஆம் திகதி கையில் கிடைக்கும்போது 5ஆம் திகதியைக் கடைசி நாளாக வைப்பது வட்டிக்குக் கடன் வாங்கச் சொல்வதற்கு ஒப்பானது. 15ஆம் திகதி வரை அவகாசம் கேட்பதை நிர்வாகம் மறுப்பது கடினம்.

பலர் சேர்ந்து எழுதுவதானால் ஒரே மனுவில் அறுபது கையொப்பம் திரட்டுவதை விட, ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையின் அனுமதி இலக்கத்தோடு தனித்தனிக் கடிதம் கொடுப்பது நல்லது. மனுவுக்கு ஒரு பதில் போதும்; அறுபது கடிதங்களை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. 14 நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால், கடிதப் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, உடன்படிக்கை, இரு தவணைகளின் கட்டண விபரம் ஆகியவற்றுடன் பிரதேச மத்தியஸ்த சபையை நாடலாம். அந்தச் சபை தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காண முயலும். அழைப்பை ஏற்று நிர்வாகம் வரும் நாளில், உடன்படிக்கையின் அந்த விலகல் நிபந்தனையை முதலில் வாசித்துக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.