இரண்டு டீமை ஒன்றாக்கும்போது: "இனி என் லீவை யார் அப்ரூவ் பண்ணுவாங்க?"

போன நவம்பரில் பெல்லந்தூர் ஆபீஸில் எங்கள் சப்போர்ட் டீமையும் (9 பேர்) டெஸ்டிங் டீமையும் (6 பேர்) ஒன்றாக்கினார்கள். புது டீமுக்கு மேனேஜர் நான். திங்கள் காலை எல்லோரிடமும் சொல்லலாம் என்று இருந்தேன். ஹெச்ஆர் போர்ட்டலில் வெள்ளி சாயங்காலமே மேனேஜர் பெயரை மாற்றிவிட்டார்கள். டெஸ்டிங் ஆட்கள் ஆறு பேருக்கும் தானாகவே மெயில் போனது. சனி, ஞாயிறு முழுக்க எனக்கு போன்தான்.

1. முதலில் போர்ட்டல். நீங்கள் பேசி முடித்த மறுநாள்தான் பெயர் மாற வேண்டும் என்று ஹெச்ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். அப்ரூவ் ஆகாமல் நிற்கும் லீவுகளைப் பழைய மேனேஜர் அதற்கு முன்பே முடித்துவிடட்டும். எங்களிடம் ஒரு பெண், தன் அக்கா கல்யாணத்துக்கு நெல்லை போக டிக்கெட் எடுத்திருந்தார். அவர் கேட்டிருந்த லீவு பழைய மேனேஜரின் லாகினிலேயே மாட்டிக்கொண்டது. புது மேனேஜரான எனக்கு அது தெரியவே இல்லை.

2. ஆளுக்கு ஒரு வரி. கட்டம் கட்டமாக ஆர்க் சார்ட் காட்டாதீர்கள். தன் பெயர் எந்தக் கட்டத்துக்குக் கீழே போயிருக்கிறது என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். எக்ஸெல் போதும். பெயருக்கு எதிரே மூன்று விவரம்: அன்றாட வேலை யார் தருவார், லீவு யார், அப்ரைசல் யார். இரண்டு பேர் பெயர் வருகிற இடத்தில் முடிவு யாருடையது என்றும் எழுதிவிடுங்கள்.

3. அப்ரைசல். நான் சறுக்கியது இங்கேதான். எங்கள் அப்ரைசல் வருடம் ஏப்ரலில் தொடங்கும். அக்டோபர் வரை 7 மாத வேலையைப் பார்த்தவர் டெஸ்டிங் டீமின் பழைய லீட். மார்ச்சில் மார்க் போடப்போவது நான். "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அப்புறம் பழைய லீடை ஆளுக்கு அரைப் பக்கம் எழுதவைத்து, அதை அவரவரிடமே காட்டி, போர்ட்டலில் ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் போன் குறைந்தது. இணைப்பு நாளுக்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள். லீட் வேலையை விட்டுப் போனால் கேட்க ஆள் இருக்காது.

4. தனியாக, பிறகு கூட்டமாக. மேனேஜர் மாறுகிறவர்களிடம் முதலில் தனித்தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். மீட்டிங் அதற்குப் பிறகு, அதே நாளில்.

5. மாறாதது. "எதுவுமே மாறாது" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், மூன்றாம் வாரம் ஷிப்ட் மாறியது. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே சார்" என்றார். ஹெச்ஆர் எழுத்தில் தந்ததை மட்டும் சொல்லுங்கள். மாறாது என்று எங்களுக்கு எழுத்தில் கிடைத்தவை சம்பளம், பதவிப் பெயர், மிச்ச லீவு, சேர்ந்த தேதி. ஷிப்ட் பற்றிக் கேட்டால், "ஜனவரி 15க்குள் சொல்கிறேன்" என்பது போல ஒரு தேதி கொடுங்கள். முடிவாகவில்லை என்றாலும் அன்றைக்கு அதையாவது சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் பிஎஃப், கிராஜுவிட்டி பற்றிக் கேட்டிருந்தார். ஒரே கம்பெனிக்குள் டீம் மட்டும் மாறினால் சர்வீஸ் அப்படியே தொடரும். சம்பளச் சீட்டில் கம்பெனி பெயரே மாறுகிறது என்றால் அது வேறு கதை. பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.